யார் நிரூபிக்க வேண்டும்? - போபாலும் இடர் சமூகமும்

2025 ஜனவரி 1 இரவு போபாலிலிருந்து 12 கண்டெய்னர் லாரிகள் கிளம்பின. ஏற்றியிருந்தது 337 டன் கழிவு, யூனியன் கார்பைடு ஆலையில் நாற்பது வருடமாகக் கிடந்த சரக்கு. சாலையை மறித்து, போலீஸ் பாதுகாப்போடு, சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீதம்பூருக்குக் கொண்டு வந்தார்கள். நான் வேலை பார்ப்பது இந்தூரில். பீதம்பூர் எங்களுக்குப் பக்கம். வண்டிக் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இரண்டே நாளில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடியது: "அண்ணா, போர் தண்ணி குடிக்கலாமா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அரசு அறிக்கை பயமில்லை என்றது. எதிர்த்துப் போராடியவர்கள் பயம் உண்டு என்றார்கள். நம்மால் முகர்ந்து பார்த்தோ சுவைத்துப் பார்த்தோ சொல்ல முடியாது. எந்தச் சோதனைக்கூடம், யார் காசில், எதைத் தேடிச் சோதித்தது என்பதில்தான் பதில் இருக்கிறது.

இந்த நிலைமைக்கு ஒரு பெயர் வைத்தவர் உல்ரிஷ் பெக் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர். 1986-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'இடர் சமூகம்'. (அவர் இறந்தது 2015 ஜனவரி 1. லாரிகள் கிளம்பிய இரவு சரியாகப் பத்தாவது நினைவு நாள். தற்செயல்தான்.) அவர் சொன்னதை வைத்துக்கொண்டு போபாலைத் திரும்பிப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்மார்க்கின் கணக்கு

வெள்ளம், பஞ்சம், அம்மை எல்லாம் பழைய ஆபத்துகள். "கடவுள் விட்ட வழி" என்று சொல்லிவிடலாம். தொழிற்சாலை வந்த பிறகு ஆபத்து மனிதர் எடுத்த முடிவிலிருந்து வர ஆரம்பித்தது. இயந்திரத்தில் கை போனால் யார் பொறுப்பு? முதலில் தொழிலாளிதான் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியிருந்தது. அது நடக்கிற காரியமா? 1884-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. தவறு யாருடையது என்று கேட்காதே, வேலையில் அடிபட்டால் பணம் கொடு என்றது அந்தச் சட்டம். நவீன அரசு ஆபத்தைச் சமாளிக்கக் கண்டுபிடித்த முக்கியமான கருவி இது. வருடத்துக்கு எத்தனை கை போகும், எத்தனை கால் போகும் என்று எண்ணலாம். எண்ண முடிந்தால் விலை வைக்கலாம், விலை வைத்தால் பிரீமியம் போடலாம்.

பெக் சொல்வது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த அணு, ரசாயன ஆபத்துகள் இந்தக் கருவியை உடைத்துவிட்டன என்பது. அடிபட்டவர் ஆலைக்குள் இருப்பவர் மட்டுமில்லை, வெளியில் தூங்குகிறவர், இன்னும் பிறக்காதவர். காயம் கண்ணுக்குத் தெரியாது. காரணத்தை ஒருவர் தலையில் கட்டவும் முடியாது. ஆனாலும் அரசும் நீதிமன்றமும் பழைய கருவியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. காரணத்தை நிரூபி, ஆளைக் காட்டு, அளவைச் சொல் என்று கேட்கின்றன. நிரூபிக்க முடியாத ஆபத்து, காகிதத்தில் ஆபத்தே இல்லை. எல்லாருடைய கையும் பட்டிருக்கும், யாரும் பொறுப்பில்லை. இதை அவர் 'ஒழுங்கமைக்கப்பட்ட பொறுப்பின்மை' என்றார்.

பிஸ்மார்க் சட்டத்துக்குச் சரியாக நூறு வருடம் கழித்து வந்தது போபால்.

பட்டாவும் பதிலும்

1975-ல் போபால் நகரத் திட்டம் ஆபத்தான தொழில்கள் ஊருக்கு வெளியே போக வேண்டும் என்றது. ஆலை இருந்த இடத்திலேயே இருந்தது. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982-ல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், ஊர் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினார். சட்டசபையில் கேள்வி வந்தது. தொழிலாளர் துறை அமைச்சர் சொன்ன பதிலின் சாரம் இது: 25 கோடி முதலீடு போட்ட ஆலை, இங்கிருந்து எடுத்து அங்கே வைக்க அது சின்னக் கல் இல்லை. 1984-ல் அதே மாநில அரசு ஆலையை ஒட்டியிருந்த குடிசைகளுக்குப் பட்டா கொடுத்தது. தேர்தல் வருடம்.

ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் சட்டப்படி சரிதான். ஏழைக்கு வீட்டுமனை கொடுத்தது தப்பா? உரிமம் உள்ள ஆலையை நடத்த விட்டது தப்பா? இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாற்காலி எந்த அலுவலகத்திலும் இல்லை. பெக் சொன்ன பொறுப்பின்மை கோப்பில் இப்படித்தான் இருக்கும். சோம்பேறி அதிகாரி ஒருவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

டிசம்பர் 2 இரவு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. E610 என்ற தொட்டியில் சுமார் 42 டன் மெத்தில் ஐசோசயனேட். உள்ளே தண்ணீர் புகுந்து, வினை தொடங்கி, சூடேறி, வாயு வெளியேறியது. குளிரூட்டும் அமைப்பு ஜூன் மாதத்திலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பரால் இவ்வளவு அளவைத் தாங்க முடியவில்லை. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. வாயு போனது ஜெயப்பிரகாஷ் நகர், காஜி கேம்ப் வழியாக, அதாவது பட்டா கொடுத்த பக்கம்.

ஒரு ஊசி மருந்தின் கதை

போபாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெக் கேட்ட கேள்விக்கு விடை அடுத்த ஆறு மாதத்தில் இருக்கிறது.

மறுநாள் ஹமீதியா மருத்துவமனையில் ஆயிரக்கணக்கானோர் கண் எரிந்து, மூச்சுத் திணறி வந்து விழுந்தார்கள். என்ன விஷம் என்று மருத்துவர்களுக்குத் தெரியாது. நிறுவனத்துக்குத்தான் தெரிய வேண்டும். அதன் தரப்பு, இது கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் வாயு, அவ்வளவுதான் என்றது. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஹீரேஷ் சந்திரா, இறந்தவர்களின் ரத்தம் செக்கச் சிவந்து கிடப்பதைப் பார்த்தார். அது சயனைடு விஷத்தின் அடையாளங்களில் ஒன்று. தொட்டியின் சூடு 200 டிகிரிக்கு மேல் போனதால் ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. சயனைடுக்கு மாற்று மருந்து உண்டு: சோடியம் தயோசல்ஃபேட் ஊசி. விலை மலிவு. அது சயனைடோடு சேர்ந்து தயோசயனேட்டாக மாறி சிறுநீரில் வெளியேறிவிடும். வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது. ஊசி போட்ட பின் சிறுநீரில் தயோசயனேட் கூடுகிறதா, நோயாளிக்கு மூச்சு சீராகிறதா என்று பார்த்தால் போதும்.

நிறுவனத்திலிருந்து வந்த ஆரம்பச் செய்தியே, சயனைடு சந்தேகம் இருந்தால் இந்த மருந்தைக் கொடுக்கச் சொன்னது. பிறகு அந்தப் பேச்சு மாறிவிட்டது. ஜெர்மனியிலிருந்து மருந்தோடு வந்த நச்சியல் வல்லுநர் மாக்ஸ் டவுண்டரர் திருப்பி அனுப்பப்பட்டார். 1985 தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முறையாகச் சோதித்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது, அப்படி ஒரு சோதனை. பலன் இருக்கிறது என்று சொல்லி வழிமுறையும் வெளியிட்டது. மாநில சுகாதாரத் துறை அதைப் பரவலாகச் செய்யவில்லை. 1985 ஜூனில் தன்னார்வ மருத்துவர்கள் ஆலை அருகே ஒரு கிளினிக் திறந்து ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்த மாதமே போலீஸ் வந்து மருத்துவர்களைக் கைது செய்தது, ஏடுகளை எடுத்துக்கொண்டு போனது.

ஒரு மலிவான ஊசிக்கு ஏன் இத்தனை சண்டை? ஊசி வேலை செய்தால் விஷம் ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் கலந்தால் கண், நுரையீரலோடு நிற்காது, மூளை, கருப்பை, எல்லாம் கணக்கில் வரும். நஷ்ட ஈடு கேட்பவரின் பட்டியல் நீளும். அதாவது ஊசி, மருந்தாக இருந்ததோடு சாட்சியாகவும் இருந்தது. எவ்வளவு சயனைடு இருந்தது, இருந்ததா என்று விஞ்ஞானிகள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததற்கு ஒரு காரணம், அளந்து பார்க்க வேண்டிய நேரத்தில் அளக்கவில்லை என்பது. பெக் சொன்னதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் முழுதாகப் புரிந்தது. இடர் சமூகத்தில் சண்டை ஆபத்தைப் பற்றி மட்டும் இல்லை, ஆபத்தை வரையறுக்கும் அதிகாரத்தைப் பற்றியும்தான்.

இதே நேரத்தில் அரசு திறமையாகச் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். ஆலையில் இன்னும் இருபது டன்னுக்கு மேல் மெத்தில் ஐசோசயனேட் மிச்சம் இருந்தது. அப்போது விஞ்ஞானத் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைவராக இருந்த எஸ். வரதராஜன் தலைமையில், ஆலையை மறுபடி ஓட்டி அதைப் பூச்சிமருந்தாக மாற்றிவிடுவது என்று முடிவானது. டிசம்பர் 16-ல் தொடங்கியது. ஹெலிகாப்டரில் தண்ணீர் தெளித்தார்கள், வேலி எங்கும் ஈரச் சாக்கு கட்டினார்கள். முதலமைச்சர் அர்ஜுன் சிங் தானே ஆலைக்குள் இருப்பதாக அறிவித்தார். வேலைக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் ஃபெய்த்', நம்பிக்கை. வேலை பிசகில்லாமல் முடிந்தது. ஆனால் அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்! நிபுணர்கள் சொன்னது சரி. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னவர்களும் நிபுணர்கள்தானே. அப்படி இழந்த நம்பிக்கையை ஹெலிகாப்டரில் தெளிக்க முடியாது.

ஃபைலும் தொகையும்

1985 மார்ச்சில் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் பதிலாக மத்திய அரசே வழக்கு நடத்தும், தந்தை ஸ்தானத்தில் இருந்து. ஏழை ஜனங்கள் அமெரிக்கக் கம்பெனியோடு மோத முடியாது என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால் உரிமம் கொடுத்ததும் அரசு, ஆலையில் அரசு நிதி நிறுவனங்களுக்குப் பங்கும் இருந்தது. யார்மேல் வழக்குப் போட வேண்டுமோ அவர்களில் ஒருவரே நமக்கு வக்கீல்! நியூயார்க் நீதிமன்றம் 1986-ல் வழக்கை இந்தியாவிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பியது.

பாதிக்கப்பட்டவர்களை எண்ணும் வேலை ஆரம்பித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவ ஃபைல். 1984 டிசம்பரில் எங்கே சிகிச்சை எடுத்தாய், சீட்டு எங்கே, எக்ஸ்ரே எங்கே என்று கேட்டு, அதற்கு மேல் ஒரு பரிசோதனை. அந்த இரவு உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியவரிடம் ஓ.பி. சீட்டு இருக்குமா? சுமார் 3.6 லட்சம் ஃபைல்களைப் பிரித்ததில் 1.55 லட்சம் பேருக்குக் காயமே இல்லை என்று வந்தது. நிரந்தர முழு ஊனம் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 40 பேர்.

எண்ணி முடிக்கும் முன்பே தொகை முடிவாகிவிட்டது. 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துவைத்தது. அரசு முதலில் கேட்டது 300 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் கிடைத்தது சுமார் 715 கோடி ரூபாய். அப்போது வைத்த கணக்கு, இறந்தவர் 3,000, மற்ற வகைகள் எல்லாம் சேர்த்து சுமார் ஒரு லட்சம் பேர். தலைக்குச் சராசரி 70,000 ரூபாய் வரும். 1992-ல் தொடங்கி, கோரிக்கை நீதிமன்றங்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்களைப் பார்த்து முடித்தபோது, பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்டவர்கள் சுமார் 5.74 லட்சம். அதே 715 கோடியை வகுத்துப் பாருங்கள். தலைக்கு 12,500 ரூபாய் கூட வராது. வட்டியும் டாலர் மதிப்பு ஏறியதும் சேர்ந்ததால் கையில் கிடைத்தது அதைவிடக் கூடுதல்தான். பெரும்பாலானவர்களுக்கு முதலில் 25,000 ரூபாய், அதிலும் மாதாமாதம் கொடுத்த 200 ரூபாய் இடைக்கால உதவி கழித்துக்கொள்ளப்பட்டது. 2004-ல் நீதிமன்றம் சொன்ன பிறகு மிச்சப் பணம் பங்கிடப்பட்டு இன்னொரு மடங்கு வந்தது.

பிஸ்மார்க் கணக்கில் முதலில் எண்ணிக்கை, பிறகு தொகை. போபாலில் முதலில் தொகை, பிறகு எண்ணிக்கை. வித்தியாசத்தைச் சுமந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் நோய் வரக்கூடியவர்களுக்காக ஒரு லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொன்னது 1991 தீர்ப்பு. மத்திய அரசு எடுக்கவே இல்லை. கூடுதல் தொகை கேட்டு அதே அரசு 2010-ல் போட்ட மனுவை 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தபோது, இதை உச்ச நீதிமன்றமே குத்திக் காட்டியது.

எது மாறியது

மாறவே இல்லை என்று சொன்னால் பொய். 1985 டிசம்பர் 4-ல், போபாலுக்கு ஒரு வருடம் கழித்து, டெல்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் கசிந்தது. அந்த வழக்கில் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு 1986 டிசம்பரில் ஒரு புது விதி சொன்னது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், கசிவால் யாருக்குக் கேடு வந்தாலும் முழுப் பொறுப்பு. கவனமாக இருந்தேன், கடவுள் செயல், வேறொருவர் செய்த சதி என்ற சாக்கு எதுவும் செல்லாது. முழுமையான பொறுப்பு என்று இதைச் சொல்கிறார்கள். ஆலையின் தவறை நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் தோளிலிருந்து இறங்கியது. ஆனால் பாதிப்பு ஆலையால்தான் வந்தது என்று காட்டும் சுமை இறங்கவில்லை. போபாலில் பாதிக்கப்பட்டவரை முறித்தது அந்த இரண்டாவது சுமைதான். போபால் வழக்கோ சமரசத்தில் முடிந்ததால், இந்த விதியை அங்கே உரசிப் பார்க்கவும் வழியில்லாமல் போனது.

சட்டங்களும் வந்தன. 1986-ல் சுற்றுச்சூழல் சட்டம், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், 1989-ல் ஆபத்தான ரசாயனங்களுக்கான விதிகள். கடைசியாகச் சொன்னது நம்மைப் போல் தொழிற்பேட்டை ஓரம் குடியிருப்பவர்களுக்கு முக்கியம். பெரிய அளவில் ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலை, விபத்து நடந்தால் வெளியில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே அக்கம்பக்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டமும் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் அப்படி யாராவது வந்து சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

337 டன்

மறுபடி லாரிகளுக்கு வருகிறேன். இந்தக் கழிவை 2012-ல் ஜெர்மனிக்கு விமானத்தில் கொண்டுபோய் எரிக்க ஒரு ஜெர்மன் அரசு அமைப்போடு பேச்சு நடந்தது. செலவு சுமார் 25 கோடி ரூபாய். அங்கே எதிர்ப்பு வந்ததும் அவர்கள் விலகிக்கொண்டார்கள். 'இடர் சமூகம்' எழுதப்பட்ட நாட்டில், மக்கள் வேண்டாம் என்றதும் காரியம் நின்றது. பீதம்பூரிலும் மக்கள் வேண்டாம் என்றார்கள், இரண்டு பேர் தீக்குளிக்கவே முயன்றார்கள். உயர் நீதிமன்ற மேற்பார்வையில் முதலில் 30 டன் சோதனை எரிப்பு, பிறகு மிச்சம். 2025 ஜூன் முடிவில் எல்லாம் எரிந்து முடிந்தது. புகை அளவுகள் வரம்புக்குள் இருந்ததாக அறிக்கை வந்தது. எரிக்கும்போது சுண்ணாம்பு போன்றவை சேர்ப்பதால் மிஞ்சிய சாம்பல் போட்டதைவிட அதிகம், 800 டன்னுக்கும் மேல். அதை எங்கே, எப்படிப் புதைப்பது என்பது அடுத்த சண்டை.

அந்த அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த 337 டன்னைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கலாம். ஆனால் 337 டன் என்பது எண்ணி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்ற முடிந்த பகுதி. 2010-ல் அரசு ஆய்வு நிறுவனங்கள் போட்ட மதிப்பீட்டின்படி அந்த ஆலை நிலத்தில் மாசுபட்ட மண் சுமார் 11 லட்சம் டன். அதற்குக் கீழே நிலத்தடி நீர். சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட வேண்டியிருந்தது. செய்தியில் 'போபால் கழிவு அகற்றப்பட்டது' என்று வந்தது. மூவாயிரம் டன்னுக்கு ஒரு டன் என்ற விகிதத்தில் அகற்றப்பட்டது.

அரசு தன்னிடமிருக்கும் கருவியால் பிடிக்க முடிந்ததை ஆபத்து என்கிறது, பிடிக்க முடியாததை விட்டுவிடுகிறது. ஃபைல் உள்ளவர் நோயாளி, மூட்டையில் உள்ளது கழிவு. அதனால் குழுவில் கேட்ட தங்கைக்கு நான் எழுதிய பதில் இது: போர் தண்ணீரை இப்போதே ஒருமுறை சோதித்து, தேதியோடு ரிசல்ட்டைப் பத்திரமாக வையுங்கள். எந்தெந்தப் பொருளைத் தேடினார்கள் என்று எழுதி வாங்குங்கள். உப்பும் கிருமியும் மட்டும் பார்க்கிற சாதாரண சோதனையில் கன உலோகமோ குளோரின் கலந்த கரிமப் பொருளோ தெரியாது. நாளைக்கு ஏதாவது மாறினால், முன்பு எப்படி இருந்தது என்ற காகிதம் போபால்காரர்களிடம் இல்லை. உங்களிடமாவது இருக்கட்டும்.